அப்பாவின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம்

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு நெருங்கிவிட்டது. தந்தையர் தினத்துக்கு ஒரு காணொளி செய்யும்படி உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். பொதுவாகத் தந்தையரைப் போற்றிப் பேசுவது எனக்கு வராது. என் அப்பாவைப் பற்றி மட்டும், அதிலும் என் கையில் இருக்கும் இந்த நீல அட்டை நோட்டுப் புத்தகத்தில் உள்ள ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும், இன்று பேசுகிறேன். இதைக் காட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். காட்டு என்றார்.

என் அப்பா இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பற்றவைப்பாளராக இருந்தவர். சார்ஸ் பரவிய 2003ஆம் ஆண்டில் அந்த வேலை போயிற்று. சில மாதங்கள் கழித்து டாக்சி ஓட்டும் உரிமம் எடுத்தார். சொந்தமாக ஒரு டாக்சியை வாடகைக்கு எடுக்கும் துணிவு வரவில்லை என்பதால், வேறொருவர் பகலில் ஓட்டிய காரை இரவில் ஓட்டும் ரிலீஃப் டிரைவராகச் சேர்ந்தார். மாலை 5 மணிக்கு உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த பலமாடிக் கார்ப்பேட்டையில் காரை வாங்கிக்கொள்வார். விடியற்காலை 5 மணிக்கு எண்ணெய் நிரப்பி, கழுவித் துடைத்து, அதே இடத்தில் திருப்பிக் கொடுப்பார்.

இந்தத் தொழிலின் கணக்கு எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது தெரியாமல் இந்தப் பக்கத்தைப் படித்தால் ஒன்றும் விளங்காது. டாக்சி ஓட்டுநருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு நாளும் அவர் கடனோடுதான் தொடங்குகிறார். அந்நாளில் இரவுப் பங்குக்கு அப்பா கொடுத்த வாடகை சுமார் 50 வெள்ளி. டீசலுக்கு இன்னும் ஒரு 25 வெள்ளி. ஆக, மாலை 5 மணிக்குக் கார்க் கதவைத் திறக்கும்போதே 75 வெள்ளி தலையில் ஏறிவிடும். அந்தத் தொகை சேரும்வரை ஓட்டுவது முழுக்கக் காருக்காகத்தான். அதற்குப் பிறகு மீட்டரில் விழும் காசுதான் வீட்டுக்கு வரும். பயணிகள் நன்றாகக் கிடைத்தாலும் ஒன்பதரை, பத்து மணிக்கு முன்னால் அந்த எல்லையைத் தாண்டுவது கடினம்.

அப்பா ஒவ்வொரு பயணத்தையும் எழுதி வைப்பார். ஏறிய நேரம், ஏறிய இடம், இறங்கிய இடம், கட்டணம் என்று நான்கு பத்திகள். 75 வெள்ளி சேர்ந்ததும் அந்த வரிக்குக் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு போடுவார். ஓடும் தொழிலில் இருப்பவருக்கு அளவுகோல் எதற்கு என்று அம்மா கேட்பார், ஆனால் அப்பாவின் கோடு ஒருபோதும் கோணியதில்லை. கோட்டுக்குக் கீழே உள்ளவை எங்கள் அரிசி, மின்கட்டணம், என் பள்ளிக் காலணி.

இப்போது இந்தப் பக்கம். 2010 செப்டம்பர், ஒரு வியாழக்கிழமை. நான் உயர்நிலை நான்கில், சாதாரண நிலைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். என் பள்ளி சுவா சூ காங்கில் இருந்தது, வாரத்தில் சில நாள் மாலையில் துணைப்பாட வகுப்பும் அங்கேயே. வகுப்பு இரவு 9 மணிக்கு முடியும். ரயிலேறி வருவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் சிறு வயதிலிருந்தே எனக்கு இழுப்பு உண்டு, மழையில் நனைந்தால் அன்றிரவு முழுவதும் மூச்சு விசிலடிக்கும். அதனால் மழை பிடித்துக்கொண்ட இரவுகளில், வகுப்பு முடிந்து கீழே இறங்கினால், கட்டடத்து வாசலில் அப்பாவின் டாக்சி நிற்கும். கூரையில், ஆள் ஏறலாம் என்று காட்டும் பச்சை விளக்கு அணைந்திருக்கும். நான் ஏறியதும் அவர் சொல்வது எப்போதும் ஒரே வாசகம்தான். “இப்பதான் தம்பி, இந்தப் பக்கம் ஒருத்தர இறக்கிவிட்டேன். சரி, உன்னையும் ஏத்திட்டுப் போயிடலாம்னு பார்த்தேன்.”

நான் அதை நம்பினேன். பதினாறு வயதில் நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. டாக்சி எங்கும் போகும், சுவா சூ காங்குக்கும் வரும்.

கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். 8.05க்கு ரோச்சோரில் ஒருவரை ஏற்றியிருக்கிறார். இறங்கிய இடம் பிடோக். கட்டணம் 12 வெள்ளி. அதற்கு அடுத்த வரியில் நேரம் இல்லை, ஏறிய இடம் இல்லை, ‘தம்பி’ என்று மட்டும் எழுதி, கட்டணப் பத்தியில் ஒரு சிறு கோடு இழுத்திருக்கிறார். அதற்கடுத்த பயணம் 10.00 மணிக்கு உட்லண்ட்ஸிலிருந்து.

பிடோக் இந்தத் தீவின் கிழக்கே இருக்கிறது, சுவா சூ காங் மேற்கே. கொட்டும் மழையில் தீவு விரைவுச்சாலை வழியாக, பின்னிருக்கையில் ஆளில்லாமல், நாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓட்டி வந்திருக்கிறார். மழை பெய்யும் இரவு டாக்சிக்காரருக்கு என்ன என்பது சிங்கப்பூரில் வசிக்கும் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் கை நீட்டும் ஆட்கள் இருப்பார்கள். அழைப்புப் பெட்டி ஓயாமல் ஒலிக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில், குறைத்துச் சொன்னாலும், 30 வெள்ளி கிடைத்திருக்கும்.

அதைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. அந்தப் பக்கத்தில் ‘தம்பி’ என்ற வரிக்கு மேலே உள்ள கட்டணங்களைக் கூட்டிப் பார்த்தேன். 58 வெள்ளிதான் வருகிறது. அதாவது, பச்சை விளக்கை அணைத்துவிட்டு என்னை நோக்கிப் புறப்பட்ட அந்த நேரத்தில், அன்றைய நாளுக்கு அவர் வீட்டுக்கென்று ஒரு காசும் சம்பாதித்திருக்கவில்லை. வழக்கமாகப் பத்து மணி வாக்கில் விழும் கோடு, அந்தப் பக்கத்தில் 11.20 பயணத்துக்குக் கீழேதான் விழுந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் இதில் தெரிகிறது. மற்றப் பக்கங்களில் இரவு பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் பெரும்பாலும் ஓர் இடைவெளி இருக்கும். நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை மீட்டரில் ஐம்பது விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு என்பதால், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைத்தான் அப்பா சாப்பாட்டுக்கு வைத்திருந்தார். காரை ஓரமாக நிறுத்தி, அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைச் சாப்பிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு தே ஓ கோசோங் குடித்துவிட்டு, பன்னிரண்டுக்குக் கிளார்க் கீ பக்கம் போவார். மழை பெய்து ‘தம்பி’ என்று எழுதப்பட்ட பக்கங்களில் அந்த இடைவெளி இல்லை. பயணத்துக்குப் பயணம் ஒட்டிக்கொண்டே போகிறது. எனக்காக விட்ட பணத்தைச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டி ஈடுகட்டியிருக்கிறார்.

அந்தச் சொல் வரும் பக்கங்கள் எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

எங்கள் மூவறை வீட்டைப் பற்றியும் ஒரு சொல். படுக்கையறைகள் இரண்டு. ஒன்று மேற்கு வெயிலைப் பார்த்தது, மற்றது பார்க்காதது. இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்து பிற்பகல்வரை தூங்க வேண்டியவர் அப்பா, ஆகவே நியாயமாகக் குளுமையான அறை அவருக்குத்தான் சேர வேண்டும். ஆனால் மாலையில் சுவர் கக்கும் சூட்டில் நான் படிக்க முடியாது என்று அதை எனக்குக் கொடுத்துவிட்டு, தம் அறைச் சன்னல் கண்ணாடியில் பழைய தமிழ் முரசுத் தாள்களை இரண்டு அடுக்காக ஒட்டிக்கொண்டார். தாள் வெளுத்து வெளிச்சம் உள்ளே வரத் தொடங்கினால் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவார். இதை அவர் ஓர் ஏற்பாடாகத்தான் நினைத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. தியாகம் என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரி. மூன்றாண்டுக் கட்டணம் மொத்தமாக ஏறத்தாழ 7,000 வெள்ளி. அப்பா தம் மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து கல்வித் திட்டத்தின்கீழ் அதைக் கட்டினார். இதன் கனத்தை உணர, சுயதொழில் செய்பவரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்நாளில் டாக்சி ஓட்டுநருக்கு முதலாளியின் பங்களிப்பு என்று எதுவும் வராது, அவர் கட்டாயமாகச் செலுத்த வேண்டியிருந்தது மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கு மட்டுமே. ஆகவே, சாதாரணக் கணக்கில் இருந்த பணம் முழுவதும் கப்பல் பட்டறைக் காலத்துச் சேமிப்பு. அதிலிருந்து எடுத்தால் மேலே வந்து விழப் புதுப் பணம் கிடையாது. அது தெரிந்துதான் எடுத்தார்.

அத்திட்டத்தில் எடுத்த பணத்தைப் பிள்ளை படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து வட்டியோடு பெற்றோரின் கணக்குக்கே திருப்பிக் கட்ட வேண்டும். அதிகபட்சம் 12 ஆண்டுகள் தவணை உண்டு. சாதாரணக் கணக்கின் வட்டி விகிதமான 2.5 விழுக்காடுதான் வட்டி. நான் வேலையில் சேர்ந்து, தேசிய சேவையில் சேர்த்த பணத்தையும் போட்டு விரைவாக முடித்துவிடுகிறேன் என்றபோது, அப்பா மறுத்தார். “அவசரம் ஒண்ணுமில்ல. நீ வீட்டுக்கு முன்பணம் சேர்க்கணும், கல்யாணம் இருக்கு. பன்னிரண்டு வருஷம் கொடுத்திருக்கான்ல, நிதானமாக் கட்டு.” பணம் அவருடையது. அது சீக்கிரம் வந்தால் அவருக்குத்தான் நல்லது. அப்போதும் எனக்கு வசதியான கணக்கையே போட்டார். அந்த ஒரு விஷயத்தில் நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை. நான்கே ஆண்டுகளில் கட்டி முடித்தேன்.

இப்போது அவருக்கு 67 வயது. டாக்சியை விட்டுவிட்டார். இரவுத் தூக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா சொல்கிறார். இந்த நோட்டுகளை நான் படித்தது அவருக்குத் தெரியும். பிடோக்கிலிருந்தா வந்தீர்கள் என்று கேட்டேன். “மழையில ரோடு காலியாத்தான் இருந்துச்சு” என்றார். அது உண்மையாக இருக்க முடியாது, ஆனால் அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மத்திய சேம நிதியிலிருந்து மாதந்தோறும் அவருக்குக் கிடைக்கும் தொகை, அந்த டாக்சி ஆண்டுகளின் காரணமாக, குறைவாகத்தான் இருக்கிறது. பெற்றோரின் ஓய்வுக்காலக் கணக்கில் பிள்ளைகள் ரொக்கமாக நிரப்பலாம், அப்படிச் செய்தால் மாதத் தொகையும் கொஞ்சம் கூடும். இந்த வாரம் இணையம் வழியாக அதைச் செய்துவிட்டேன். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். கடிதம் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன் இந்தக் காணொளியைப் பார்த்துவிடுவார் என்று நினைக்கிறேன். அப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம்.