பணம் கட்டியாச்சு, ஆனா வரி கட்டலைன்னு நோட்டீஸ்! செலானில் பார்க்க வேண்டிய 3 எண்கள்

[திரையில்: "Your a/c debited Rs. 19,840" என்ற பேங்க் மெசேஜ்]

இந்த மெசேஜ் வந்துட்டா வருமான வரி கட்டி முடிச்சாச்சுன்னு நினைக்கிறீங்களா? உங்க கணக்குல இருந்து பணம் போயிடுச்சு, அவ்வளவுதான் இந்த மெசேஜ் சொல்லுது. யார் பேருக்கு, எந்த வருஷத்துக்கு, எந்த வகை வரியா அது வரவு ஆச்சுன்னு இதுல ஒரு எழுத்து கூட கிடையாது. அதைச் சொல்ற காகிதம் செலான்.

வணக்கம் நண்பர்களே! ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடி மிச்ச வரியை நெட் பேங்கிங்ல கட்டுறதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ்னு சொல்றது இதைத்தான்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஒருத்தர் சம்பளக்காரர். சம்பளத்துக்குக் கம்பெனியே வரி பிடிச்சிடுச்சு. ஆனா ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியைக் கம்பெனிகிட்ட அவர் சொல்லலை. 2025 ஜூலையில ரிட்டர்ன் போட உட்கார்ந்தா இன்னும் கட்ட வேண்டியதுன்னு காட்டுது: வரி 17,500, செஸ் 700, வட்டி 1,640. மொத்தம் 19,840 ரூபாய்.

[திரையில்: வருமான வரித் துறையின் தளம், e-File > e-Pay Tax > New Payment]

லாகின் பண்ணி e-File மெனுவுல e-Pay Tax போங்க. New Payment அழுத்தி, Income Tax கட்டத்தைத் தேர்ந்தெடுங்க. அடுத்து வர்ற பக்கத்துல ரெண்டே ரெண்டு கேள்விதான். பாதிப் பேர் தப்பு பண்றது இங்கதான், அதனால இங்க கொஞ்சம் நிதானமா நிப்போம்.

முதல் கேள்வி, Assessment Year. இவர் சம்பாதிச்சது 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும். கை தானா 2024-25 பக்கம் போகும். போகக் கூடாது! சம்பாதிச்ச வருஷத்துக்கு அடுத்த வருஷம்தான் அசெஸ்மென்ட் இயர். அப்போ 2025-26. மாத்திப் போட்டா என்ன ஆகும்? பணம் அரசாங்கத்துக்குத்தான் போகும், ஆனா போன வருஷக் கணக்குல போய் உட்கார்ந்துக்கும். இந்த வருஷ ரிட்டர்ன்ல "19,840 கட்டிட்டேன்"னு இவர் எழுதுவார். துறையோட கம்ப்யூட்டர் தேடும், கிடைக்காது. அந்தத் தொகையை வட்டியோட கட்டச் சொல்லி டிமாண்ட் வரும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு விடிவும் வந்திருக்கு. 2026 ஏப்ரல் 1-ல இருந்து சம்பாதிக்கிற வருமானத்துக்குப் புது வருமான வரிச் சட்டம். அதுல சம்பாதிக்கிற வருஷத்துக்கே டாக்ஸ் இயர்னு பேர். இது ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும்னுதான் நான் சொல்வேன். ஆனா 2026 மார்ச் வரைக்கும் வந்த வருமானத்துக்குப் பழைய கணக்குதான், மறந்துடாதீங்க.

ரெண்டாவது கேள்வி, Type of Payment. வருஷம் முடிஞ்ச பிறகு நாமளே கணக்குப் போட்டுக் கட்டுறதால Self-Assessment Tax (300). வருஷம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கட்டுறது அட்வான்ஸ் டாக்ஸ், அதுக்கு எண் 100. டிமாண்ட் நோட்டீஸ் வந்து கட்டுறதுக்கு 400.

அடுத்து வரி, செஸ், வட்டின்னு பிரிச்சுப் போடுங்க, Net Banking-ல உங்க பேங்க்கைத் தேர்ந்தெடுங்க. உங்க பேங்க் அந்தப் பட்டியல்ல இல்லையா? பக்கத்துலயே Payment Gateway இருக்கு. அது வழியா போனா சில முறைகளுக்குத் தனிக் கட்டணம் பிடிப்பாங்க. அந்தக் கட்டணம் வரிக் கணக்குல சேராது.

Pay Now அழுத்துறதுக்கு முன்னாடி முழு விவரமும் ஒரு தடவை திரையில வரும். பான் எண்ணைப் பாருங்க. அப்பாவுக்காக நீங்க உங்க கணக்குல இருந்து கட்டலாம், தப்பே இல்லை. வரவு போறது செலான்ல இருக்கிற பானுக்குத்தான். அப்பா வரியை உங்க லாகின்ல இருந்து கட்டினீங்கன்னா அது உங்க வரியாயிடும்.

சரி, பேங்க் பக்கம் போய்ப் பணமும் கட்டியாச்சு. பேங்க் திரையில "Success" வந்ததும் மூடிடாதீங்க. துறையோட பக்கத்துக்கு அதுவே திரும்பி வர்ற வரைக்கும் பேக், ரெஃப்ரெஷ் எதையும் தொடாதீங்க. வந்ததும் செலானை டவுன்லோட் பண்ணுங்க.

[திரையில்: செலான் ரசீது பெரிதாக. மூன்று இடங்களில் மஞ்சள் வட்டம்]

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது! இந்த மூணைப் பாருங்க. BSR code, ஏழு இலக்கம். பணத்தை வாங்கின பேங்க் கிளை எதுன்னு சொல்ற எண். அடுத்து பணம் கட்டின தேதி. அப்புறம் Challan No, அஞ்சு இலக்கம். இந்தக் கிளை, இந்தத் தேதி, இத்தனையாவது செலான். நம்ம ஊர் வீட்டு விலாசம் மாதிரிதான்: ஊர், தெரு, கதவு எண். மூணும் சரியா இருந்தா நாட்டுல எந்த மூலையில கட்டின பணத்தையும் ஒரே தேடல்ல எடுத்துடலாம். ரிட்டர்ன்ல வரி கட்டின விவரம்னு கேக்கிற இடத்துல, தொகையோட சேர்த்து எழுத வேண்டியது இந்த மூணும்தான்.

பேங்க் ரெஃபரன்ஸ் நம்பர்னு இன்னொண்ணும் அதே ரசீதுல இருக்கும். நீளமா, முக்கியமான எண் மாதிரி தெரியும். அது பேங்க்கோட பேசுறதுக்கு மட்டும். ரிட்டர்ன்ல அதைப் போடாதீங்க.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா நிறையப் பேரைப் படுத்துற விஷயம். செலான் எண் 00457-னு வெச்சுக்குவோம். இதை எக்ஸெல்ல குறிச்சு வெச்சா முன்னாடி இருக்கிற ரெண்டு சைபரையும் எக்ஸெல் தின்னுட்டு 457-னு காட்டும். சில பேங்க்கோட BSR எண்ணும் சைபர்லதான் ஆரம்பிக்கும். அதனால அந்தக் கட்டத்தை முதல்ல டெக்ஸ்ட்னு மாத்திட்டு டைப் பண்ணுங்க.

இப்போ பெரிய பயம். பணம் போயிடுச்சு, செலான் வரலை! தயவுசெஞ்சு உடனே ரெண்டாவது தடவை கட்டாதீங்க. e-Pay Tax-ல Payment History பாருங்க. பேங்க்ல இருந்து தகவல் வரத் தாமதமானா செலான் கொஞ்ச நேரம் கழிச்சு அங்க வந்து நிக்கும். அங்கயும் இல்லை, பணமும் திரும்பலைன்னா அந்த பேங்க் ரெஃபரன்ஸ் நம்பரோட பேங்க்கைக் கேளுங்க. அதுக்குத்தான் அந்த எண். ஜூலை மாசக் கடைசி வரைக்கும் இழுத்தா இப்படிக் காத்திருக்க நேரம் இருக்காது. வரியும் செஸ்ஸும் சேர்ந்த 18,200 ரூபாய் பாக்கிக்கு மாசம் ஒரு சதவீதம், அதாவது 182 ரூபாய் வட்டி ஏறும். ஆகஸ்ட் 1-ஆம் தேதி கட்டினாலும் அது முழு ஒரு மாசக் கணக்குதான்.

வருஷத்தைத் தப்பாப் போட்டுட்டவங்க பயப்படாதீங்க. லாகின் பண்ணி Services மெனுவுல Challan Correction இருக்கு. அசெஸ்மென்ட் இயரை மாத்த, பணம் கட்டினதுல இருந்து 7 நாள்தான் அவகாசம். ஜூலை 8-ல கட்டியிருந்தா 15-க்குள்ள. 300, 100 மாதிரி வகையை மாத்த 30 நாள். பான் தப்பாயிட்டா இந்த வசதி உதவாது. அதுக்கும், நாள் தாண்டிப் போனதுக்கும் உங்க வார்டு வருமான வரி அதிகாரிகிட்ட செலான் நகலோட மனு கொடுக்கணும்.

அதனாலதான் செலான் கைக்கு வந்த அதே நாள்ல பான், வருஷம், வகை மூணையும் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்கன்னு சொல்றேன். சில நாள் கழிச்சு, துறையோட தளத்துல உங்க வருமானம், வரி விவரத்தைக் காட்டுற AIS-ஐயும் திறந்து, BSR, தேதி, செலான் எண் மூணும் தொகையும் அங்க ஏறியிருக்கான்னு பாருங்க. அது ஏறின பிறகு ரிட்டர்ன் போடுங்க.

ஃபைல் பேரை இப்படி வெச்சா பின்னாடி தேடவே வேண்டாம்:

```
AY2025-26_300_2025-07-08_19840.pdf
```

உங்க செலான்ல எந்த இடம் புரியலைன்னு கமென்ட்ல கேளுங்க. பான் நம்பரையும் செலான் படத்தையும் மட்டும் அங்க போட்டுடாதீங்க.