“காலி பண்ணி குடுங்க”: ஓர் அறைமாற்றக் குறிப்பைத் திருத்தி எழுதுதல்

(கன்னியாகுமரி மாவட்ட விடுதிகளின் ரிசப்ஷன் பணியாளர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பலர் நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் பொதுவாகப் பேசிக்கொண்டிருக்காமல் ஒரே ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம். துண்டுச் சீட்டில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிற குறிப்புதான். நம் ஊர் லாட்ஜ்களில் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்:

“சார் 304 ஏசி லீக். உங்க ரூம் 112க்கு மாத்திருக்கு. 11க்குள்ள காலி பண்ணி குடுங்க. சாமான் எடுத்து வச்சா பையன் வருவான். சிரமத்துக்கு மன்னிக்கவும். ரிசப்ஷன்.”

எழுதியவர் மேல் குற்றமில்லை. எதிரே நாலு பேர் செக்-இன்னுக்கு நிற்கும்போது இதைவிட அதிகம் எழுத யாருக்கும் நேரம் இருக்காது. ஆனால் படிக்கிறவர் இடத்தில் இருந்து பாருங்கள். நேற்று கடல் பார்த்த அறைக்குப் பணம் கட்டி, காலையில் உதயம் பார்க்கலாம் என்று குடும்பத்தோடு வந்தவர் அவர். “மாத்திருக்கு” என்றதும், நம்மைக் கேட்காமலேயே முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைப்பார். “காலி பண்ணி குடுங்க” என்பது வாடகை பாக்கி வைத்தவரிடம் வீட்டுக்காரர் பேசுகிற பேச்சு. 112 எந்த மாடியில் இருக்கிறது, கடல் தெரியுமா, வாடகை குறையுமா, பதினொன்று என்றால் யாருடைய வசதிக்குப் பதினொன்று, இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் கோபத்தோடு கீழே இறங்கி வருவதற்குக் காரணம் ஏசி இல்லை, இந்தச் சீட்டுதான்.

இதைத் திருத்தச் சொன்னால் முதலில் என்ன செய்வோம்? மரியாதை சேர்ப்போம். “மதிப்பிற்குரிய விருந்தினரே, தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் தங்களது அறை மாற்றியமைக்கப்பட்டுள்ளது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். தங்களது மேலான ஒத்துழைப்பை நாடுகிறோம்.” மின்தடை அறிவிப்பு மாதிரி இருக்கிறது. சொல்லப்போனால் பழைய சீட்டே இதைவிடத் தேவலாம். அதில் ஏசி என்றாவது இருந்தது, 112 என்றாவது இருந்தது. இதில் அதுவும் போய்விட்டது. தங்கள், தங்களது என்று எத்தனை முறை எழுதினாலும் விருந்தினருக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன்னால் போனை எடுக்க வேண்டும். நல்ல குறிப்பு எழுத முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் தமிழ் வராதது காரணமில்லை, விஷயம் முடிவாகாததுதான் காரணம். நாலு பேரிடம் கேட்டு முடிவு செய்துவிட்டால் வாக்கியம் தானாக வரும்.

முதலில் மெயின்டனன்ஸ். நம் ஊரில் ஏசி கெடுவதற்குப் பழைய காரணம் உப்புக் காற்று. வெளியே இருக்கிற யூனிட்டின் காயில் அரித்து, கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். கேஸ் குறைந்தால் உள்ளே இருக்கிற காயிலில் ஐஸ் பிடிக்கும். அது உருகும்போது கட்டில் மேல் சொட்டும். வெறும் டிரெயின் பைப் அடைப்பு என்றால் கொஞ்ச நேரத்தில் சரிசெய்துவிடலாம், அறையை மாற்றவே வேண்டாம். காயில் மாற்ற வேண்டும் என்றால் பொருள் வர வேண்டும். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் விருந்தினரை மாற்றச் சொல்லக் கூடாது. இன்னொன்று, மெக்கானிக் சொன்னதை அப்படியே சீட்டில் எழுதிவிடாதீர்கள். “கேஸ் லீக் ஆகிறது” என்று படித்தால் சமையல் கேஸ் என்று பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். “ஏசி குளிரவில்லை, தண்ணீர் சொட்டுகிறது” என்றால் போதும். அது அவரே கண்ணால் பார்த்த விஷயம்.

அடுத்தது ஹவுஸ்கீப்பிங். 112 எத்தனை மணிக்குத் தயார் என்று கேளுங்கள். “இப்போ முடிஞ்சிரும்” என்ற பதிலை வாங்கிக்கொள்ளாமல் இத்தனை மணிக்கு என்று திட்டமாகச் சொல்ல வையுங்கள். பன்னிரண்டரை என்று சொன்னால் சீட்டில் ஒரு மணி என்று எழுதுங்கள். சாமானோடு வந்த விருந்தினர் ஈரத் தரையைப் பார்த்து வராந்தாவில் நின்றால், நீங்கள் எழுதிய நல்ல வார்த்தைகள் எல்லாம் அங்கேயே தீர்ந்துபோகும்.

மூன்றாவது மேனேஜர். வாடகையில் எவ்வளவு குறைக்கலாம் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். கடல் பார்த்த அறை 3,200 ரூபாய், பின்பக்க அறை 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவுக்கு 1,600 ரூபாய் குறைகிறது, வரியும் குறைந்த வாடகைக்குத்தான். ஆன்லைன் புக்கிங் என்றால் பணத்தை யார் திருப்பித் தருவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தொகை முடிவாகாமல் “தகுந்த சலுகை வழங்கப்படும்” என்று எழுதினால், செக்-அவுட் அன்று அவர் மனதில் ஒரு தொகை இருக்கும், கேஷியர் மனதில் வேறொரு தொகை இருக்கும்.

நாலாவது ரூம்பாய். அவர் எப்போது ஓய்வாக இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் அவரைப் “பையன்” என்று எழுதாதீர்கள். அவருக்கு உங்கள் அப்பா வயதுகூட இருக்கலாம்.

இவ்வளவும் பத்து நிமிட வேலைதான். இப்போது எழுதிப் பார்ப்போம்:

“வணக்கம் சார். உங்கள் 304-ஆம் அறையில் ஏசி குளிரவில்லை, தண்ணீர் சொட்டுகிறது என்று நேற்று இரவு சொன்னீர்கள். மெக்கானிக் பார்த்துவிட்டார். மாற்ற வேண்டிய பொருள் வர இரண்டு நாள் ஆகும். உங்களுக்கு இந்தத் தொந்தரவு வந்ததற்கு மன்னிக்கவும்.

உங்களுக்காக 112-ஆம் அறையை வைத்திருக்கிறோம். தரைத்தளம், ஏசி உண்டு, இதே அளவு கட்டில். ஆனால் அங்கிருந்து கடல் தெரியாது. அதனால் இன்றும் நாளையும் ஓர் இரவுக்கு 3,200 ரூபாய்க்குப் பதில் 2,400 ரூபாய்தான். உதயம் பார்க்க மொட்டை மாடியைக் காலை 5.30 மணிக்குத் திறந்து நாற்காலி போட்டு வைக்கிறோம்.

அறை இன்று பகல் 1 மணிக்குத் தயாராகும். அதன்பிறகு உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொன்னால் எங்கள் ஆள் வந்து சாமான்களை எடுத்து வைப்பார். நீங்கள் இல்லாதபோது உங்கள் சாமானைத் தொட மாட்டோம். இந்த ஏற்பாடு சரிவராது என்றால் 9-ஐ அழுத்துங்கள். இரவு 8 மணி வரை நான்தான் ரிசப்ஷனில் இருப்பேன்.”

இதற்கு அடியில் உங்கள் பெயரை எழுதுங்கள். “ரிசப்ஷன்” என்று மட்டும் போட்டால் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது.

இதில் இரண்டு இடங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்று, “அங்கிருந்து கடல் தெரியாது” என்ற வாக்கியம். இதை எழுதத்தான் கை வராது. “வசதியான, அமைதியான அறை” என்று பூசி மெழுகத் தோன்றும். இன்னும் சிலர் “அப்கிரேடு” என்றே எழுதிவிடுவார்கள். ஆனால் அவர் ஜன்னல் திரையை விலக்கியதும் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியப்போகிறது. அதை அவரே கண்டுபிடித்தால் ஏமாற்றியதாகும். நாம் முந்திக்கொண்டு சொல்லி, அடுத்த வாக்கியத்திலேயே பணத்தையும் குறைத்தால் அது நியாயமாகத் தெரியும். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றை ஒன்று ஒட்டியே வர வேண்டும், நடுவில் வேறு எதையும் நுழைக்காதீர்கள்.

இன்னொன்று, உதயம். “சூரிய உதயத்தைக் கண்டு மகிழலாம்” என்று எழுதாதீர்கள். மேகம் நம் கையில் இல்லை. மாடிக் கதவும் நாற்காலியும்தான் நம் கையில் இருக்கின்றன, அவற்றுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். சித்திரை, வைகாசியில் ஆறு மணியை ஒட்டியும், மார்கழி, தை மாதங்களில் ஆறரையை ஒட்டியும் உதிக்கும். 5.30-க்குத் திறந்தால் எந்த மாதத்துக்கும் சரி. ஆனால் எழுதிவிட்டால் திறக்க வேண்டும். மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இரவிலேயே கேட்டு வையுங்கள்.

எப்படிக் கொடுப்பது என்பதும் முக்கியம். காலை ஒன்பது மணிக்குச் சீட்டைத் தள்ளினால் நம் ஊரில் அதைப் படிக்க அறையில் ஆள் இருக்காது. எட்டு மணிக்குப் படகு தொடங்குகிறது. விவேகானந்தர் பாறை, கண்ணாடிப் பாலம், திருவள்ளுவர் சிலை எல்லாம் பார்த்து வரிசையில் நின்று திரும்ப மதியமாகிவிடும். பதினொரு மணிக் கெடு முடிந்த பிறகுதான் சீட்டையே பார்ப்பார். அதனால் முதலில் போனில் சொல்லுங்கள், பிறகு இதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சீட்டு மூன்றாவதுதான், அதையும் உறையில் போட்டுக் கொடுங்கள். பெயரும் புது அறை எண்ணும் எழுதிய தாளைக் கதவில் செருகி வைத்தால் வராந்தாவில் போகிறவர் எல்லாம் படிப்பார். நள்ளிரவுக்குப் பிறகு எழுதினால் “நாளை” என்ற சொல் வேண்டவே வேண்டாம், கிழமையும் தேதியும் போடுங்கள். வங்காளத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு இதையே மொழிமாற்றி அனுப்ப வேண்டி வரும். வாக்கியம் சின்னதாக இருந்தால் மொழி மாறினாலும் பொருள் கெடாது.

ஐயப்ப சீசனில் வேறு ஒரு கஷ்டம் வரும். ஏசி நன்றாகவே இருக்கும், ஒரே அறை இரண்டு பேருக்கு புக் ஆகியிருக்கும். அப்போதும் “ஏசி ரிப்பேர்” என்று எழுதுகிற பழக்கம் இருக்கிறது. சாயங்காலம் அதே அறையில் இன்னொரு குழு ஏசி போட்டுப் படுத்திருப்பதை அவர் பார்ப்பார். “அறை ஒதுக்குவதில் எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது” என்று ஒரு வரி எழுதினால் போதும், காரணத்தை நீட்ட வேண்டாம். குறைக்கிற வாடகையை மட்டும் மேனேஜரிடம் கொஞ்சம் தாராளமாகக் கேளுங்கள்.

விருந்தினர் மாட்டேன் என்றால்? மின்விசிறி போதும், உதயம்தான் முக்கியம், இங்கேயே இருக்கிறேன் என்பார் சிலர். தண்ணீர் சுவிட்ச் போர்டு பக்கம் வராமல் இருந்தால், ஏசியை அணைத்துவிட்டு ஏசி இல்லாத வாடகைக்கு இருக்கவிடலாம். அதையும் இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள், பிறகு வாக்குவாதம் வராது. சுவிட்ச் பக்கம் நனைந்திருந்தால் அவர் விருப்பத்துக்கு விட முடியாது. “பாதுகாப்புக்காக இந்த அறையில் கரண்டை நிறுத்துகிறோம்” என்று நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அது எழுதி அனுப்புகிற விஷயம் இல்லை.

மாறிய பிறகு இன்னொரு சின்ன செய்தி போக வேண்டும். பழைய கீ கார்டு இனி வேலை செய்யாது, வைஃபைக்கு இனி 112 என்று போட வேண்டும், பால்கனியில் காய்கிற துணி, ஃபிரிட்ஜில் வைத்த மருந்து, லாக்கரில் வைத்த நகை எல்லாம் எடுத்தாயிற்றா என்று ஒருமுறை பாருங்கள். இவ்வளவுதான். இன்சுலினை ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டுக் காலையில் தேடுகிறவர்கள் உண்டு.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. கம்ப்யூட்டரில் ரூம் ஷிஃப்ட் என்றுதான் போட வேண்டும். செக்-அவுட் செய்து புதிதாகச் செக்-இன் போட்டால் நேற்றுச் சாப்பிட்ட பில் பழைய கணக்கில் தொங்கும், முன்பணமும் அதோடு நின்றுவிடும். அப்புறம், காலையில் உதயத்துக்கு எழுப்ப வேண்டியவர்களின் பட்டியல். அது பெரும்பாலும் தனி நோட்டில்தான் இருக்கும், கம்ப்யூட்டரில் மாற்றினால் நோட்டில் மாறாது. 304-ஐ அடித்துவிட்டு 112 என்று எழுதி, நைட் டியூட்டிக்காரரிடம் வாயாலும் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.