பொருள் என்ற பத்தியை அடித்துவிடுங்கள்: ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்கு எழுதிய குறிப்பு

(ஜப்பானிய மொழி பயிலும் தமிழ் மாணவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

யோகோஹாமாவுக்கு அருகில் வசிக்கும் ஒரு குடும்பத்தார், தங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்க வரவிருந்த கோயம்புத்தூர் மாணவி ஒருவருக்காகத் தாங்கள் எழுதிய பட்டியலைச் சரிபார்த்துத் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் ஜப்பானுக்கு வருவது அதுவே முதல் முறை. பட்டியலில் இரண்டு பத்திகள் இருந்தன. இடப்பக்கம் அன்றாடம் வீட்டில் புழங்கும் ஆறு தொடர்கள். வலப்பக்கம் அவற்றின் பொருள். அந்த ஆறுக்கும் நேரே ஒரே பொருள்தான் எழுதப்பட்டிருந்தது: நன்றி.

தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதை மனப்பாடம் செய்த விருந்தினர், உணவு பரிமாறியவரிடம் ஒன்றையும், குளித்துவிட்டு வந்ததும் இன்னொன்றையும், வேலை முடிந்து வரும் குடும்பத் தலைவரிடம் மற்றொன்றையும் எந்தக் கணக்கில் தேர்ந்தெடுப்பார்? ஆகவே நான் அவர்களுக்கு எழுதிய குறிப்பின் முதல் வரி, பொருள் என்ற பத்தியை அடித்துவிடுங்கள் என்பதுதான். அதற்குப் பதிலாக யார் யாரிடம் சொல்கிறார், எந்தக் கணத்தில் சொல்கிறார், கேட்டவர் திருப்பி என்ன சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் எழுதச் சொன்னேன். தாய்மொழியாகப் பேசுவோருக்கு இந்த மூன்றும் மூச்சுவிடுவதைப் போல இயல்பாகிவிட்டதால், எழுதிக் காட்ட வேண்டியவை என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

முதலில், உண்ணத் தொடங்கும் முன் சொல்லும் இத்ததக்கிமஸ். தமிழில் உயிர்களுக்கு நடுவே தனித்து வரும் தகரமும் ககரமும் மெலிந்து ஒலிப்பதால்தான் இப்படி இரட்டித்து எழுதுகிறேன். சொல்லும்போது அழுத்தம் தேவையில்லை. இறுதியில் எழுத்தில் இருக்கும் உகரம் பேச்சில் ஏறக்குறைய கேட்பதில்லை. இதன் வினையடி இத்ததக்கு என்பது. பணிவோடு பெற்றுக்கொள்ளுதல் என்பது அதன் இன்றைய பொருள். தலைக்கு மேல் வைத்தல் என்பது பழம்பொருள். மலையின் உச்சியைக் குறிக்கும் இத்ததக்கி என்ற சொல்லும் இதன் உறவே. உயர்ந்தவர் தருவதைத் தலைக்கு மேலே உயர்த்தி வாங்கிக்கொள்ளும் செயல் அந்தச் சொல்லுக்குள் உறைந்திருக்கிறது. இதை விளக்கத் தமிழருக்கு அயல்மொழி எதுவும் வேண்டியதில்லை. சிரமேற்கொள்ளுதல் என்று நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது.

அந்த வீட்டுப் பெரியவர், உணவாகிய உயிர்களுக்கு நன்றி சொல்வதே இதன் பொருள் என்று எழுதச் சொன்னாராம். பள்ளிகளிலும் கோயில்களிலும் இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. பலர் மனமார அப்படி நினைத்தே சொல்கிறார்கள் என்பதால் அதை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை மட்டும் எழுதினால், விருந்தினர் இதை உணவுக்கு முன் சொல்லும் வழிபாடு என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் இந்த வினை சோற்றோடு கட்டப்பட்டதே அல்ல. குளித்துவிட்டு வெளியே வரும் விருந்தினர், ஒஃபுரோ இத்ததக்கிமஷித்த என்று சொல்வார். குளியலைப் பெற்றுக்கொண்டேன் என்பது அதன் நேர்ப்பொருள். தொட்டியில் நிரப்பிய வெந்நீரை வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராகப் பயன்படுத்துவார்கள். உடம்பைத் தொட்டிக்கு வெளியே கழுவிய பிறகே அதில் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் நீரைத் திறந்துவிடவும் கூடாது. பெரும்பாலும் முதல் முறை விருந்தினருக்கே கொடுக்கப்படுவதால், அவருக்கு அந்தத் தொடர் மிகவும் பொருந்தும்.

இனி அந்தக் கணம். எல்லோரும் அமர்ந்து, உணவு மேசைக்கு வந்த பிறகு, குச்சிகளை எடுப்பதற்குச் சற்று முன்பாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் கைகளைக் கூப்புவார்கள். சில வீடுகளில் சொல் மட்டுமே. இங்கேதான் அந்த மாணவி இரண்டாம் நாள் இரவே இடறினார். நான் எழுதிய திருத்தம் போய்ச் சேரும் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று அவர் சாம்பார் வைத்து, அனைவருக்கும் பரிமாறிவிட்டு, நன்றாகச் சாப்பிடுங்கள் என்ற எண்ணத்தில் புன்னகையோடு இத்ததக்கிமஸ் என்று சொன்னார். மேசையில் ஒரு கணம் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏனென்றால் அது பெறுபவர் சொல். தருபவர் சொல் அல்ல. சமைத்தவர் சொல்ல வேண்டியது தோஸோ, மெஷியகரெ என்பது. அதைக் கேட்டுவிட்டு மற்றவர்கள் இத்ததக்கிமஸ் என்பார்கள். சமைத்தவரும் அமர்ந்து உண்ணத் தொடங்கும்போது, தன் பங்குக்கு அவரும் அதைச் சொல்லலாம். தனியாக உண்பவர்கூடச் சொல்வதுண்டு. ஆகவே அது வாழ்த்து அல்ல என்ற ஒரு வரியைக் குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

உண்டு முடித்ததும் சொல்வது கொச்சிஸோஸம தெஷித்த. சிஸோ என்பதன் எழுத்துகள் இரண்டுமே ஓட்டத்தைக் குறிப்பவை. விருந்தளிக்கப் பொருள் சேர்க்க அங்குமிங்கும் விரைவதை அவை சுட்டுகின்றன. எங்களுக்காக ஓடியாடிச் செய்தீர்கள் என்று தமிழில் சொன்னால் ஏறக்குறையப் பொருந்தும். சுவையாக இருக்கிறது என்று உண்ணும்போது பத்து முறை பாராட்டிவிட்டு, எழுந்திருக்கும்போது இதைச் சொல்லாமல் போனால், வீட்டாருக்கு ஏதோ முடிவுறாததைப் போல இருக்கும். அந்தச் சாம்பார் இரவில் குடும்பத்தார் நால்வரும் மாணவியிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் தெரியாமல் விழித்தாராம். சமைத்தவர் சொல்லும் மரபான பதில் ஒஸொமட்ஸுஸம தெஷித்த என்பது. எளிமையான, குறைபாடுள்ள உணவு என்று தன் சமையலைத் தாழ்த்திச் சொல்வது. ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை என்று நம் வீடுகளில் சொல்வதன் தொனிதான். இளையோர் சிலர் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு ஒரு புன்னகை போதும்.

நம்மவருக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. தமிழ் வீட்டில் சோறு போட்ட அம்மாவிடம் நன்றி என்று சொன்னால், என்ன, வெளியாளிடம் பேசுவதைப் போலப் பேசுகிறாய் என்று அவர் கடிந்துகொள்வார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் ஜப்பானிய வீட்டில் மௌனமாக உண்டு எழுந்தால் அது நெருக்கத்தின் அடையாளம் என்று அவருக்குத் தோன்றும். எதிரிலிருப்பவருக்கோ மறதியாகத் தோன்றும். இதை விருந்தினருக்கு அல்ல, குடும்பத்தாருக்கு எழுதினேன். முதல் இரண்டு நாள் அவர் மௌனமாக எழுந்தால், நீங்களே முதலில் சொல்லிக்காட்டுங்கள், அவர் பின்தொடர்வார் என்றேன்.

அடுத்தது ஒத்ஸுக்கரெஸம. ட்ஸுக்கரெ என்றால் களைப்பு. முன்னும் பின்னும் மதிப்பு ஒட்டுகள் சேர்ந்து, உங்கள் களைப்புக்குரிய உழைப்பை அறிவேன் என்ற தொனியில் நிற்கிறது. ஆனால் பட்டியலில் நன்றி என்று கண்டவரோ, அகராதியில் களைப்பு என்று கண்டவரோ இருவருமே தடுமாறுவார்கள். மாணவி மூன்றாம் நாள் மாலை வகுப்பு முடிந்து வந்தபோது வீட்டு அம்மா ஒத்ஸுக்கரெஸம என்றார். களைத்துவிட்டாயா என்று கேட்கிறார் என நினைத்த மாணவி, இல்லை, எனக்குக் களைப்பே இல்லை என்று ஜப்பானிய மொழியில் மிகத் திருத்தமாக விடையளித்தார். இலக்கணம் சரி, உரையாடல் முறிந்தது. அது கேள்வியே அல்ல. ஒரு பொழுதின் உழைப்பு முடிந்ததை இருவரும் சேர்ந்து முத்திரையிடும் சொல். அதற்குப் பதில் அதே சொல்லாகவும் இருக்கலாம், வீட்டில் சாதாரணமாக அரிகத்தோ என்றும் இருக்கலாம். அலுவலகத்தில் பகல் நேரத்தில் எதிர்ப்படும் சக ஊழியரிடம் தெஸ் என்ற முடிவோடும், வேலை முடிந்து பிரியும்போது தெஷித்த என்ற முடிவோடும் சொல்வது வழக்கம். வீட்டு அப்பா வேலையிலிருந்து திரும்பினால் முதலில் ஒக்கயெரினஸாய் என்று வரவேற்றுவிட்டு, பிறகுதான் இது.

இதோடு சேர்த்தே சொல்ல வேண்டிய இரட்டைப் பிறவி ஒன்று உண்டு: கொகுரோஸம. குரோ என்றால் சிரமம். அகராதிகள் இரண்டுக்கும் ஒரே விளக்கம் கொடுத்துவிடும். ஆனால் இது மேலிருந்து கீழே செல்லும் சொல். பொதி கொண்டுவந்த ஊழியரிடம் வீட்டுக்காரர் சொல்வார். மேலதிகாரி தன் கீழ்ப் பணியாளரிடம் சொல்வார். இளையவர் மூத்தவரிடம் சொல்வது மரியாதைக் குறைவாகவே பெரும்பாலோருக்குப் படும். மாணவி குப்பைப் பைகளை உரிய இடத்தில் வைத்துவிட்டு வந்தபோது பெரியவர் அன்போடு கொகுரோஸம என்றார். முந்தைய பாடத்தை நன்றாகக் கற்றிருந்த மாணவி, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வதுதான் முறை என்று நம்பி, பெரியவரிடம் அதையே சொன்னார். அவர் சிரித்துவிட்டார் என்பதால் தீங்கில்லை. ஓர் அலுவலகத்தில் நடந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஒத்ஸுக்கரெஸம எதிரொலிக்கத் தக்கது, கொகுரோஸம எதிரொலிக்கத் தகாதது. அதற்கு அரிகத்தோ கொஸாய்மஸ் என்று பதில் சொன்னால் போதும். மாணவியின் இரண்டு வாரத்துக்கும் இந்தச் சொல்லைக் கேட்கத் தெரிந்திருந்தால் போதும், சொல்லத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று எழுதினேன்.

மற்றவற்றை விரைவாகக் கடக்கிறேன். சுமிமஸென் மன்னிப்பாகவும் நன்றியாகவும் வரும். தனக்காக ஒருவர் சிரமப்பட்டுவிட்டார் என்ற கூச்சம் கலந்த இடத்தில் வரும். கதவைப் பிடித்து நின்றவருக்கும் இருக்கையை விட்டுக்கொடுத்தவருக்கும் அதைச் சொல்வது இயல்பு. போய் வருகிறேன் என்பதற்கு இத்தெக்கிமஸ் என்ற தொடர் அச்சொட்டாகப் பொருந்துவதால் அதற்குத் தமிழருக்கு விளக்கமே வேண்டாம்.

கடைசித் தொடர் ஒஸெவ. பராமரிப்பு, கவனிப்பு என்று பொருள். வந்து சேரும் நாளில் ஒஸெவ நி நரிமஸ், உங்கள் கவனிப்பில் இருக்கப்போகிறேன். புறப்படும் நாளில் ஒஸெவ நி நரிமஷித்த, உங்கள் கவனிப்பில் இருந்தேன். நம் சேவை என்ற சொல்லின் ஒலி இதில் கேட்கிறது என்று யாராவது எழுந்து கேட்பீர்கள்; ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாட நான் தயாராக இல்லை. விருந்தினர் வாசலில் இதைச் சொன்னதோடு கணக்கு முடிவதில்லை என்பதையும் குறிப்பில் சேர்த்தேன். ஊர் சேர்ந்ததும் ஒரு செய்தி, பின்னர் எப்போது சந்தித்தாலும் பேச்சைத் தொடங்கும் முன் ஸென்ஜிட்ஸு வ அரிகத்தோ கொஸாய்மஷித்த, அன்றைக்கு நன்றி என்ற நினைவூட்டல். ஒருமுறை சொல்லிவிட்டோமே என்று நமக்குத் தோன்றும் அதே இடத்தில் இரண்டாவது நன்றி எதிர்பார்க்கப்படுகிறது.

குடும்பத்தார் இறுதியாகக் கேட்டது ஒன்றுதான்: புறப்படும்போது அவர் இதைச் சொன்னால் நாங்கள் தமிழில் என்ன சொல்வது? மீண்டும் வாருங்கள் என்பதை அவர்கள் எழுத்தில் எழுதி, கீழே தமிழிலும் எழுதி அனுப்பினேன். வாசலில் நால்வரும் சேர்ந்து அதைப் படித்தார்களாம்; ழகரமே இல்லாத தொடராகப் பார்த்துத்தான் கொடுத்திருந்தேன்.