டிடிஆர்கிட்ட போன்ல ஐடி காட்டுறது எப்படி? எது செல்லும், எது செல்லாது

வணக்கம் மக்களே. போன மாசம் நைட் டிரெயின்ல மதுரைக்கு போயிட்டிருந்தேன், எதிர் பெர்த்ல ஒரு அண்ணன், மனைவி, ரெண்டு பசங்க, டிடிஆர் வந்து ஐடி கேட்டதும் டக்குனு போன் கேலரிய தொறந்து ஆதார் போட்டோவ காட்டினாரு. டிடிஆர் அத பாத்துட்டு "இது போட்டோ சார், ஒரிஜினல் காட்டுங்க இல்லன்னா டிஜிலாக்கர்ல தொறந்து காட்டுங்க"ன்னாரு. அண்ணனுக்கு ஒண்ணும் புரியல, போன்ல தானே கேக்குறாங்க, போன்ல தானே காட்டுறேன்னு. நம்மள்ல பாதி பேருக்கு இதே குழப்பம் இருக்கு, அதனால இன்னைக்கு இத மட்டும் பாக்கலாம்.

(ஸ்கிரீன்ல: ஒரு பக்கம் கேலரில ஆதார் போட்டோ, இன்னொரு பக்கம் டிஜிலாக்கர்ல அதே ஆதார்)

ரெண்டும் பாக்க ஒரே மாதிரி தான் இருக்கும், ஆனா ஒண்ணு செல்லாது, ஒண்ணு செல்லும். ஏன்னா கேலரில இருக்குற போட்டோவ யாரு வேணா எடிட் பண்ணலாம், பேரு மாத்தலாம், முகத்த மாத்தலாம், கைல வாங்கிப் பாக்குற டிடிஆருக்கு அது நெஜமான்னு தெரிய வழியே இல்ல. டிஜிலாக்கர்ங்குற அரசாங்க ஆப்ல வர்றது அப்படி இல்ல, ஆதார்னா ஆதார் ஆபீஸ் ரெக்கார்ட்ல இருந்தும், லைசன்ஸ்னா போக்குவரத்து துறை ரெக்கார்ட்ல இருந்தும் நேரா வருது, நடுவுல நாம கை வைக்க முடியாது.

2018 ஜூலைல ரயில்வே இத தெளிவா சொல்லிட்டாங்க. டிஜிலாக்கர்ல `Issued` பகுதில இருக்குற ஆதாரும் டிரைவிங் லைசன்சும் ஐடி ப்ரூஃபா செல்லும். அதே டிஜிலாக்கர்ல நாமளே போட்டோ எடுத்து அப்லோட் பண்ணி வச்சது செல்லாது. இங்க தான் நெறைய பேரு சறுக்குறாங்க, ஆப் ஒண்ணு தான், லோகோ ஒண்ணு தான், ஆனா அதுக்குள்ள ரெண்டு இடம் இருக்கு. நீங்க ஸ்கேன் பண்ணி ஏத்தினது `Uploaded` இல்லன்னா `Drive`னு இருக்குற இடத்துல போய் உக்காந்திருக்கும், அது உங்க கேலரி போட்டோ மாதிரி தான், வேற ஆப்ல இருக்குங்குறதால மதிப்பு கூடிடாது.

இன்னொண்ணு கவனிங்க, அந்த ஆர்டர்ல பேரு சொல்லி இருக்குறது ஆதாரும் லைசன்சும் மட்டும் தான். டிஜிலாக்கர்ல பான் கார்டு வருது, மார்க் ஷீட் வருது, எல்லாம் வருது, பான் கார்டும் ரயில்வே ஒத்துக்குற ஐடி லிஸ்ட்ல இருக்கு, ஆனா அது கைல இருக்குற ஒரிஜினல் கார்டா இருக்கணும். போன்ல பான் காட்டினா சில டிடிஆர் விட்டுடலாம், ஆனா "இல்ல, முடியாது"ன்னு சொன்னா அங்க நின்னு வாதாட நமக்கு பிடி இருக்காது. அதனால போன நம்பிப் போறீங்கன்னா ஆதார் இல்ல லைசன்ஸ், இந்த ரெண்டுல ஒண்ணு ரெடியா வச்சுக்கோங்க.

டிஜிலாக்கர் இல்லாம இன்னொரு வழி எம்ஆதார் ஆப். இதுக்கு 2017லயே ரயில்வே ஓகே சொல்லிட்டாங்க, ஆனா ஆப்ப உங்க பாஸ்வேர்ட் போட்டு அவர் முன்னாடியே தொறந்து காட்டணும், அதோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு காட்டினா அது மறுபடி சாதா போட்டோ ஆயிடும். என்னோட ஃபேவரைட் இது தான், காரணம் சிக்னல். ஓடுற டிரெயின்ல எந்த இடத்துல டவர் போகும்னு சொல்ல முடியாது, டிஜிலாக்கர்ல ஆதார தட்டினா அது நெட்ல இருந்து எடுக்கணும், வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும், டிடிஆர் அடுத்த பெர்த்துக்கு நகர்ந்துட்டு "திரும்பி வர்றேன்"னு போவாரு. எம்ஆதார்ல ஒரு தடவ உங்க ப்ரொஃபைல சேத்துட்டீங்கன்னா நெட் இல்லாமயே தொறந்து காட்டலாம். சேக்குறப்போ மட்டும் ஆதார்ல கொடுத்த நம்பருக்கு ஓடிபி வரும், அந்த சிம் உங்ககிட்ட இருக்கணும், பழைய நம்பர விட்டுட்டீங்கன்னா ஸ்டேஷனுக்கு போயிட்டு முயற்சி பண்ணி பிரயோஜனமே இல்ல, முன்னாடியே நம்பர மாத்தி வச்சிருக்கணும்.

(ஸ்கிரீன்ல: நாலு பேரு இருக்குற ஒரு டிக்கெட்)

இப்ப அந்த அண்ணன் கதைக்கு வருவோம். நாலு பேரும் ஒரே பிஎன்ஆர், ஆன்லைன்ல போட்ட டிக்கெட். நல்ல விஷயம் என்னன்னா நாலு பேருக்கும் ஐடி வேண்டாம், அந்த பிஎன்ஆர்ல பேரு இருக்குற யாராவது ஒருத்தர் காட்டினா போதும். கெட்ட விஷயம், ஒருத்தர்கிட்டயும் இல்லன்னா நாலு பேரையும் டிக்கெட் இல்லாம வந்தவங்களா தான் எடுத்துக்குவாங்க, போன்ல டிக்கெட் மெசேஜ் இருந்தாலும் சரி. அப்ப எவ்ளோ ஆகும்னா, டிக்கெட் காசும் அதுக்கு மேல அபராதமும். அபராதம் டிக்கெட் காசு அளவுக்கோ இல்ல 250 ரூபாயோ, எது அதிகமோ அது. ஒரு ஆளுக்கு 330 ரூபா டிக்கெட்னு வச்சுக்கோங்க, 330 ப்ளஸ் 330, 660 ஆச்சு, நாலு பேருக்கு 2640 ரூபா. ஒரு போட்டோவ நம்பினதுக்கு!

அண்ணன் ரொம்ப பதட்டமாயிட்டாரு, டிஜிலாக்கர் அக்கவுண்டே இல்ல. அப்ப அக்கா தான் ஹேண்ட்பேக்ல இருந்து தன்னோட வாக்காளர் அட்டைய எடுத்து நீட்டினாங்க, டிடிஆர் அவங்க பேர கையில இருந்த மெஷின்ல ஒரு தடவ பாத்துட்டு தலைய ஆட்டிட்டு போயிட்டாரு. அந்த ஒரு கார்டு நாலு பேரையும் காப்பாத்திடுச்சு. அதனால குடும்பமா போறப்போ ஐடிய ஒருத்தர்கிட்டயே மொத்தமா கொடுத்து வைக்காதீங்க, ரெண்டு பேர்கிட்டயாவது தனித்தனியா இருக்கட்டும், அதுலயும் பெர்த் வேற வேற கோச்ல விழுந்திருந்தா இது ரொம்ப முக்கியம், ஐடி வச்சிருக்குறவர் எஸ்5ல, மீதி பேரு எஸ்9லன்னா அங்க வர்ற டிடிஆருக்கு நீங்க என்னத்த காட்டுவீங்க?

சரி, இந்த வீடியோவ பாத்துட்டே செய்யலாம். டிஜிலாக்கர் தொறந்து ஆதார் நம்பர் போட்டு ஓடிபி கொடுத்து உள்ள போங்க, `Issued` பகுதில ஆதார் வந்திருக்கா பாருங்க, லைசன்ஸ் வேணும்னா தேடி நம்பர் போட்டா வரும், பழைய லைசன்ஸ் கம்ப்யூட்டர்ல ஏறலன்னா வராது, அப்ப கார்டையே எடுத்துட்டுப் போங்க. ரெண்டையும் தொட்டுத் தொறந்து போட்டோவும் பேரும் தெளிவா தெரியுதான்னு பாத்துக்கோங்க.

கவுண்டர்ல எடுத்த டிக்கெட்டா இருந்தா ஐடிய போன்ல காட்டலாம், ஆனா டிக்கெட்ட போன்ல காட்ட முடியாது, அந்த காகிதம் ஒரிஜினலா கைல இருக்கணும், அத போட்டோ எடுத்து வச்சுட்டு வீட்லயே விட்டுட்டு வந்தவங்கள நான் பாத்திருக்கேன். ஆன்லைன் டிக்கெட்டுக்கு அந்த மெசேஜும் ஐடியும் போதும், பிரிண்ட் தேவையில்ல.

அப்புறம் சார்ஜ். ராத்திரி டிடிஆர் எப்ப வருவாருன்னு தெரியாது, நீங்க ரெண்டு மணி நேரம் வீடியோ பாத்துட்டு 3 பர்சென்ட்ல தூங்கிட்டா, எழுப்பி ஐடி கேக்குறப்போ போன் செத்துக் கிடக்கும், அதுக்குள்ள இருக்குற ஆதாரும் அதோட போச்சு. டிரெயின்ல ஏறுறப்பவே அத கொஞ்சம் பாத்துக்கோங்க.