கண்ணுக்கு நூல், கைக்கு வார், தலைக்குத் தொப்பி

வணக்கம் நேயர்களே. யூதர்களின் காலை வழிபாட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். தோளில் கறுப்புக் கோடோ நீலக் கோடோ போட்ட வெள்ளைச் சால்வை. தலையில் சின்னத் தொப்பி. நெற்றிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி, இடது கையில் இன்னொன்று, அதிலிருந்து முன்கை முழுக்கச் சுற்றிவரும் தோல் வார். சால்வைக்குத் தல்லீத் என்று பெயர், தொப்பிக்குக் கிப்பா, பெட்டிகளுக்குத் தெஃபில்லீன். மூன்றுமே நினைவூட்டும் பொருள்கள்தான் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அது சரிதான். ஆனால் எதை நினைவூட்டுகின்றன, எந்த வழியில் நினைவூட்டுகின்றன என்று பார்த்தால் மூன்றும் மூன்று விதம். இவற்றைச் சுற்றியுள்ள விதிகளில் பலவும் அந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன.

சால்வையில் தொடங்குவோம். அதில் துணி முக்கியமே இல்லை. நான்கு மூலையிலும் தொங்கும் நூல்கள்தான் முக்கியம். ட்சிட்சித் என்பார்கள். பைபிளில் எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில் இதற்கான கட்டளை இருக்கிறது: ஆடையின் ஓரங்களில் தொங்கல் வையுங்கள், அதைப் பார்க்கும்போது கர்த்தரின் கட்டளைகளை எல்லாம் நினையுங்கள், உங்கள் இருதயத்தின் பின்னாலும் கண்களின் பின்னாலும் போகாதிருங்கள். கண் போகிற இடத்துக்கு மனமும் போகும் என்பதால் கண்ணுக்கு முன்னாலேயே ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு மூலையிலும் ஒரு துளை. அதில் நான்கு நூல்களைக் கோத்து மடித்தால் எட்டு இழைகள் தொங்கும். நான்கில் ஒரு நூல் மட்டும் நீளமாக இருக்கும். அதைக் கொண்டு மற்றவற்றைச் சுற்றி, நடுநடுவே ஐந்து இரட்டை முடிச்சுகள் போடுவார்கள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ட்சிட்சித் என்ற சொல்லின் மதிப்பு 600. எட்டு இழையும் ஐந்து முடிச்சும் சேர்ந்தால் 613. மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் உள்ள கட்டளைகள் மொத்தம் 613 என்பது யூத மரபு. ஆக, அந்த நூலைப் பார்த்தால் கட்டளை அத்தனையும் நினைவுக்கு வர வேண்டும் என்பது கணக்கு.

காலை வழிபாட்டில் "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் பகுதியைச் சொல்வதற்கு முன் நான்கு மூலை நூல்களையும் ஒன்றாகத் திரட்டிக் கையில் பிடித்துக்கொள்கிறார்கள். அதன் மூன்றாம் பத்தி இந்த எண்ணாகமப் பகுதிதான். ட்சிட்சித் என்ற சொல் வரும்போதெல்லாம் நூலுக்கு ஒரு முத்தம். பார் என்று கட்டளை சொல்கிறது, அந்த இடத்தில் பார்க்கிறார்கள்.

பார்ப்பதற்கான பொருள் என்பதால்தான் இரவு வழிபாட்டில் தல்லீத் அணிவதில்லை. யோம் கிப்பூர் என்னும் பாவப் பரிகார நாளின் முந்திய மாலை இதற்கு விலக்கு. காலையில் போர்த்துமுன் நூல்களைச் சரிபார்க்க வேண்டும். தொங்கும் நுனியில் கொஞ்சம் அறுந்திருந்தால் பரவாயில்லை. துளைக்குப் பக்கத்தில் இழை அறுந்திருந்தால் அந்த மூலைக்குப் புதிதாக நூல் கட்டாமல் சால்வையை அணியக் கூடாது. அப்புறம், ஒருவர் இறந்துபோனால் அவருடைய தல்லீத்தையே போர்த்தி அடக்கம் செய்யும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு; அப்போது ஒரு மூலையின் நூலை அறுத்துவிடுகிறார்கள். இறந்தவருக்குக் கட்டளைகள் இல்லை, நினைவூட்டலும் தேவையில்லை.

இந்த நூல்களில் ஒன்று நீலமாக இருக்க வேண்டும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. ஏன் நீலம்? நீலம் கடலைப் போன்றது, கடல் வானத்தைப் போன்றது, வானம் இறைவனின் அரியணையைப் போன்றது என்று, யூத மத குருக்களான ரபிகளின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூதில் ரபி மெயிர் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. அந்தச் சாயம் ஒரு கடலுயிரிலிருந்து வந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதைச் செய்யும் கலை மறைந்துபோனதால் வெள்ளை நூல் மட்டுமே நிலைத்தது. ஒரு வகைக் கடல் நத்தையிலிருந்து கிடைக்கும் சாயம்தான் அது என்று பின்னால் ஆராய்ச்சியாளர்கள் ஊகித்தார்கள். ஆனால் அந்த நத்தை ஊதா அல்லவா தந்தது? 1980களில் இஸ்ரேலிய வேதியியலாளர் ஓட்டோ எல்ஸ்னர் அதற்கு விடை கண்டார். சாயத் தொட்டியில் வெயில் பட்டால் ஊதா போய் நீலம் வருகிறது. இன்று அந்த நீல நூலைச் சிலர் மறுபடி கட்டுகிறார்கள். இதுதான் பழைய நீலம் என்று எல்லா ரபிகளும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி தெஃபில்லீன். இதைக் கண்ணுக்கென்று செய்யவில்லை. நெற்றிக்கு மேல் இருக்கும் பெட்டி அணிந்தவருக்கே தெரியாது. இது உடம்பில் அழுந்தி நினைவூட்டும் பொருள்.

பைபிள் வாசிப்பவர்களுக்கு மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் "காப்புநாடா" என்று வருவது ஞாபகமிருக்கும். பரிசேயர் அதை அகலமாக்கிக் காட்டிக்கொள்கிறார்கள் என்று இயேசு கண்டிக்கிறார். அது இதுதான். நம் ஊர்க் கண்ணுக்குத் தாயத்து மாதிரித் தெரியும். ஆனால் அணிந்தவரின் காவலுக்காக இதைக் கட்டச் சொல்லவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அணிந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். யாத்திராகமம் 13இலிருந்து இரண்டு பகுதிகள், உபாகமம் 6, 11 இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று. எகிப்திலிருந்து விடுதலையானது, கடவுள் ஒருவரே என்பது, அவரை முழு இருதயத்தோடும் நேசிப்பது ஆகியவை அவற்றில் வருகின்றன. நான்கிலும் "இதைக் கையில் அடையாளமாகக் கட்டு, கண்களுக்கு நடுவே வை" என்ற கட்டளை உண்டு. கைப்பெட்டியில் நான்கும் ஒரே தோல் சுருளில். தலைப்பெட்டியில் நான்கு அறைகளில் நான்கு தனிச் சுருள்கள்.

வலக்கைக்காரர் இடது கையில் கட்டுவார், இடக்கைக்காரர் வலது கையில். புயத்தின் தசைமேட்டில் பெட்டியை வைத்து, கை தாழ்ந்திருக்கும்போது அது நெஞ்சைப் பார்த்திருக்கும்படி உட்பக்கமாகச் சாய்ப்பார்கள். தோலுக்கும் பெட்டிக்கும் இடையில் சட்டைத்துணி வரக் கூடாது. ஆசி சொல்லி, வாரை இறுக்கி, முன்கையில் ஏழு சுற்று. பிறகு தலைப்பெட்டி. கைக்கும் தலைக்கும் இடையில் பேச்சுக் கூடாது. நெஞ்சும் மூளையும் ஒரே வேலையில் இருக்க வேண்டும் என்பது கருத்து. கடைசியாக வாரை நடுவிரலில் மூன்று சுற்றுச் சுற்றும்போது ஓசியா தீர்க்கதரிசியின் வசனம் வருகிறது: என்றென்றைக்கும் உன்னை எனக்கு மணவாட்டியாக நியமித்துக்கொள்வேன். மோதிரம் போடுவது போலவே இருக்கும்.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. "கண்களுக்கு நடுவே" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு பெட்டியை நெற்றியில் இறக்கிவிடுகிறார்கள். ரபிகளின் விளக்கம் வேறு: கண்களுக்கு நேர் மேலே, முடி முளைக்கும் இடத்திலிருந்து தொடங்கி, கைக்குழந்தைக்கு உச்சி மெத்தென்று துடிக்குமே, அந்த இடம் வரை. பெட்டியின் கீழ் விளிம்பு முடி முளைக்கும் கோட்டுக்குக் கீழே வந்தால் கட்டளை நிறைவேறியதாகாது. சினிமாவில் வரும் தெஃபில்லீன் பலவும் தேறாது.

எழுதுபவரின் பாடு இன்னும் பெரிது. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 3,188 எழுத்துகள். இறகுப் பேனாவால், வரிசை மாறாமல் எழுத வேண்டும். கைப்பெட்டிச் சுருளின் நான்காம் பகுதியை முடித்த பிறகு, முதல் பகுதியில் ஓர் எழுத்து விட்டுப்போனது தெரியவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கில் நுழைக்க முடியாது, வரிசை கெட்டுவிடும். அதற்குப் பின் எழுதியதையெல்லாம் சுரண்டிவிட்டுத் திரும்ப எழுதலாமா? நடுவில் இறைவனின் பெயர் வருகிறது, அதை அழிக்கக் கூடாது. முழுச் சுருளும் வீண். ஓர் எழுத்தின் வடிவம் சந்தேகமாக இருந்தால் எழுத்து மட்டும் தெரிந்த சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். பெரியவர் சொல்லைப் பார்த்து எழுத்தை ஊகித்துவிடுவார். பிள்ளை கண்ட வடிவத்தைச் சொல்லும். அது சரியாகச் சொன்னால் சுருள் தேறும்.

சப்பாத் நாளில், அதாவது வாரத்தின் ஓய்வு நாளில், தெஃபில்லீன் கட்டுவதில்லை. அந்த நாளே ஓர் அடையாளம், அடையாளத்துக்கு மேல் அடையாளம் எதற்கு என்கிறார்கள். கட்டியிருக்கும் நேரத்தில் கவனம் அதை விட்டு அகலக் கூடாது என்பதும் விதி. பழங்காலத்தில் நாள் முழுக்க அணிந்தவர்கள் உண்டு. அவ்வளவு நேரம் மனத்தைக் கட்டிப்போட முடியாது என்பதால் காலை வழிபாட்டோடு நின்றுவிட்டது. மரபுவழிச் சமூகங்களில் பெண்கள் இதைக் கட்டுவதில்லை. ஆனால் சவுல் ராஜாவின் மகள் மீகாள் தெஃபில்லீன் அணிந்ததாகவும் அறிஞர்கள் தடுக்கவில்லை என்றும் தல்மூதிலேயே இருக்கிறது. இன்று மற்றப் பிரிவுகளில் கட்டும் பெண்கள் இருக்கிறார்கள்.

கிப்பாவின் கதை தலைகீழ். இதற்குத் தோராவில் கட்டளையே கிடையாது. தல்மூதில் ராவ் ஹுனா என்ற அறிஞர் தலையை மூடாமல் நான்கு முழம்கூட நடக்கமாட்டாராம். இறைவனின் சந்நிதி என் தலைக்கு மேலே இருக்கிறது என்பாராம். தனி ஒருவரின் பக்தியாகச் சொல்லப்பட்டது பின்னால் எல்லோருக்குமான வழக்கமாயிற்று. நூலில் எண் உண்டு, பெட்டியில் வசனம் உண்டு. கிப்பாவில் ஒன்றும் எழுதியிருப்பதில்லை. மேலே ஒருவர் இருக்கிறார் என்பது மட்டுமே அதன் செய்தி.

அதே தல்மூதில் இன்னொரு கதை. உன் பிள்ளை திருடனாவான் என்று சோதிடர்கள் ஒரு தாயிடம் சொன்னார்கள். அவள் பிள்ளையின் தலையைத் திறந்தபடி விடவே இல்லை. இறைபயம் உன்மேல் இருக்க வேண்டும், தலையை மூடிக்கொள் என்று சொல்லி வளர்த்தாள். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. பெரியவனாகி, நக்மான் பார் இட்சாக் என்ற அறிஞனாகி, ஒரு நாள் பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். தலையிலிருந்த துணி நழுவியது. நிமிர்ந்து மரத்தைப் பார்த்தான். ஆசை மீறி, மேலே ஏறி, அடுத்தவர் மரத்துக் குலையைப் பல்லாலேயே கடித்து அறுத்தான். சோதிடத்தை நம்புகிறோமோ இல்லையோ, ஒரு துணி எவ்வளவு வேலை செய்கிறது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது.

வழிபாடு முடிந்தால் தெஃபில்லீனையும் தல்லீத்தையும் மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். கிப்பாவோ தெருவுக்கும் அலுவலகத்துக்கும் கூடவே வரும். அதனால் வழக்கு மன்றம் வரைக்கும் போனது. அமெரிக்க விமானப்படையில் சிம்ஹா கோல்ட்மன் என்பவர் உளவியல் மருத்துவப் பணியில் இருந்தார், ரபியும்கூட. பல காலம் கிப்பாவோடு வேலை பார்த்தவரை, கட்டடத்துக்குள் தலையை மூடக் கூடாது என்ற சீருடை விதியைக் காட்டித் தடுத்தார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ராணுவத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதை மாற்றியது. சட்டம் வைத்த நிபந்தனை இரண்டுதான்: மதச் சின்னம் கடமைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது, பார்வைக்கு அடக்கமாகவும் ஒழுங்காகவும் இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.