மேமு என்றால் அதில் நான் இல்லை

நடுவர் வைத்த கேள்வி: "தாத்தா பாட்டியிடம் ஒரு மொழியைக் கற்றுக்கொண்ட அனுபவத்தைப் பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு எழுதும் பிள்ளை, யாரை முன்னால் நிறுத்த வேண்டும்? கற்றுக்கொடுத்த மனிதரையா, கற்றுக்கொண்ட மொழியையா?"

('மொழியையே' அணியின் மூன்றாம் பேச்சு)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணியை முன்கூட்டியே அடித்துவிடாதீர்கள் என்ற ஒரே விண்ணப்பத்தோடு தொடங்குகிறேன். எனக்கு முன் பேசியவருக்கு ஒன்றரை நிமிடம் கூடுதலாகக் கிடைத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் பள்ளியில் அனுபவக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். ஐந்நூறு சொற்களுக்கு மிகக் கூடாது. அவள் தேர்ந்தெடுத்தது, அவ்வாவிடம் தெலுங்கு கற்றுக்கொண்ட கதை. அந்த அவ்வா வேறு யாருமில்லை, என்னைப் பெற்றவள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு ஊர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். என் அண்ணி தமிழ் பேசும் குடும்பத்துப் பெண். அண்ணன் திருப்பூரில் வேலை பழகிய இரண்டு ஆண்டுகள் குழந்தையை அவ்வாவிடம் விட்டிருந்தார்கள். ஐந்து வயதில் வந்தவள் ஏழு வயதில் திரும்பிப் போனாள். அவளுடைய தெலுங்கு முழுக்க அந்த இரண்டு ஆண்டுகளில் காதால் வாங்கியது. தெலுங்கில் ஓர் எழுத்துகூட அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது.

முதல் படியை எனக்கு அனுப்பினாள். "என் அவ்வா அன்பின் வடிவம்" என்று ஆரம்பம். அடுத்து அவ்வாவின் சுருக்கம் விழுந்த கைகள், அவள் சுட்ட பணியாரம், நிலா வெளிச்சத்தில் சொன்ன கதை. நான்காவது பத்தியில்தான் முதல் தெலுங்குச் சொல் வருகிறது. அதுவும் "அவ்வா எனக்குத் தெலுங்கு கற்றுக்கொடுத்தாள்" என்ற ஒற்றை வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு. நடுவர் அவர்களே, இது எதிரணி கேட்கும் கட்டுரைதான். மனிதரை முன்னால் நிறுத்தியிருக்கிறாள். ஆனால் அந்தப் பணியாரம் எந்தப் பாட்டி சுட்டாலும் அப்படித்தான் இருக்கும். அதைப் படித்து என் அம்மாவை என்னாலேயே அடையாளம் காண முடியவில்லை.

எதிரணித் தலைவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதில் ஒன்றை நான் மறுக்கப் போவதில்லை. "மொழியை முன்னால் வைத்தால் பிள்ளை இலக்கணப் பாடம் நடத்த ஆரம்பித்துவிடும்" என்றார். உண்மை. எங்கள் வீட்டிலேயே நடந்தது.

முதல் படியைத் தள்ளிவைத்துவிட்டு அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "அவ்வா பேசியதில் நீ தப்பாகப் புரிந்துகொண்டது எது?" உடனே சிரித்துவிட்டாள். ஊருக்குப் போன புதிதில், தெருவில் நின்ற ஒரு பையனைக் காட்டி அவ்வா "வீடு எவரு?" என்று கேட்டிருக்கிறாள். தெலுங்கில் 'வீடு' என்றால் 'இந்தப் பயல்'. குழந்தை பின்னால் திரும்பிப் பார்த்து, "இது நம் வீடுதானே அவ்வா" என்றதாம். நல்ல வேடிக்கை. ஆனால் வேடிக்கையோடு முடிந்துவிடும். அதற்கு மேல் அதில் போக வழியில்லை.

அடுத்து அவள் பிடித்தது 'ஒச்சிந்தி'. பஸ் வந்தால் "பஸ்ஸு ஒச்சிந்தி", நாய் வந்தால் "குக்க ஒச்சிந்தி". அம்மா வந்தாலும் "அம்ம ஒச்சிந்தி"தான். ஆண் வந்தால் மட்டும் "ஒச்சினாடு". தமிழில் 'வந்தாள்' என்று தனியாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வளர்ந்த குழந்தைக்கு இது அதிர்ச்சி. அம்மாவையும் நாயையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறாளே இந்த அவ்வா! இதில் இன்னொரு விந்தையும் உண்டு. ஒருத்தி தனியாக வந்தால்தான் இந்தக் கதி. நான்கு பெண்கள் சேர்ந்து வந்தால் ஆண்களுக்கு உரிய "ஒச்சினாரு" அவர்களுக்கும் கிடைத்துவிடும். இதை எழுதத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. முந்நூறு சொல் போய்விட்டது. அவ்வா எங்கே என்று தேடினேன், கட்டுரையிலிருந்து எழுந்து போயிருந்தாள். தலைவர் ஐயா பயந்தது இதற்குத்தான். நியாயமான பயம்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் இதற்கு மருந்து சொன்னார்: "பாட்டி பேசியதை அப்படியே எழுதினால் பாட்டி கண்முன்னே வந்து நிற்பாள்." இது பாதி சரி. என் மருமகளும் அதைச் செய்து பார்த்தாள். ஐந்நூறு சொல் கட்டுரையில் இருபத்து மூன்று தெலுங்குச் சொற்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் தமிழ் அர்த்தம். நடுவர் ஒவ்வொரு வரியிலும் இரண்டு முறை தடுக்கி விழுவார். அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் ஒன்றும் புரியாது. அப்படியே எழுதுவது நல்லதுதான் அம்மா, ஆனால் எத்தனை சொல், எந்தச் சொல் என்று நீங்கள் சொல்லவில்லை.

என் அணித் தம்பி ஒருவர், தாத்தா ஆங்கில நாளிதழைச் சத்தமாகப் படிக்க வைத்ததையும், அதனால் பத்தாம் வகுப்பில் தாம் வாங்கிய மதிப்பெண்ணையும் உருக்கமாகச் சொன்னார். தம்பி, மதிப்பெண் வாங்கியதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் கேள்வி அதுவல்லவே. அந்த நாளிதழில் எந்தச் சொல்லில் உங்கள் நாக்கு மாட்டிக்கொண்டது, அப்போது தாத்தா என்ன செய்தார் என்று சொல்லியிருந்தால் நம் அணிக்கு உதவியிருக்கும்.

இனி அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன்.

தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே, 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. தெலுங்கிலும் அந்தப் பிரிவு உண்டு: 'மனமு' உள்ளே, 'மேமு' வெளியே. ஆடி மாதம். கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போக அவ்வாவும் தெருப் பெண்களும் பேசி முடிவு செய்கிறார்கள். இரவில் குழந்தை கேட்கிறாள். அவ்வா சொல்கிறாள்: "சுக்ரவாரமு மேமு போத்தாமு." வெள்ளிக்கிழமை நாங்கள் போவோம். ஆறு வயதுக் குழந்தைக்கு 'போ' மட்டும் கேட்டது. இதுவே "மனமு போதாமு" என்றிருந்தால் 'வா, போகலாம்' என்று அழைப்பு. நம் எழுத்தில் எழுதினால் வினையில் ஒரு 'த்'தான் வித்தியாசம். அரைத் தூக்கத்தில் இருந்த காதுக்கு அது எங்கே பிடிபடும்? வெள்ளிக்கிழமை இருட்டோடு எழுந்து, புதுக் கவுன் போட்டு, செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். அவ்வா அவளைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

மூன்றாம் படியில் அவள் எழுதிய வரி இது: "அவ்வா மேமு என்றாள். அதில் நான் இல்லை என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது."

நடுவர் அவர்களே, இந்த வரியில் அடைப்புக்குறி இல்லை. தெலுங்கு தெரியாதவருக்கும் 'மேமு' புரிகிறது, ஏனென்றால் பஸ் போய்விட்டது. இலக்கணமும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது, ஆனால் அது பாடம் நடத்தவில்லை. எதிரணி தேடும் அவ்வாவும் இங்கேதான் இருக்கிறாள். அன்பின் வடிவமாக வந்த அவ்வா இல்லை. ஆடிக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்துவிடுவோமோ என்று கணக்குப் போட்டு, அதைக் குழந்தையிடம் விளக்க நேரமில்லாமல் பஸ் பிடித்த ஒரு கிராமத்துப் பெண். இவளை எனக்கு அடையாளம் தெரிகிறது. என்னையும் இப்படி எத்தனையோ முறை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகவே நான் சொல்வது, மொழியை முன்னால் வை, ஆனால் முழு மொழியையும் வைக்காதே. நீ தப்பாகக் கேட்ட ஒரே ஒரு சொல்லை வை. அந்தத் தப்பினால் உனக்கு என்ன போயிற்று என்பதை எழுது. மனிதர் அதன் பின்னாலேயே வந்துவிடுவார். மனிதரை முன்னால் வைத்தால் மொழி பின்னால் வருவதில்லை, முதல் படியில் பார்த்தோமே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு லாபமாக இருந்தாலும் சரி. கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவ்வாவுக்குப் போனில் படித்துக் காட்டச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு என் அம்மா, "நான் மேமு என்று சொல்லவே இல்லை. மனமு என்றுதான் சொன்னேன். விடியற்காலையில் உனக்கு உடம்பு சுட்டது, அதனால் விட்டுவிட்டுப் போனேன்" என்றாள். குழந்தை ஆடிப்போய்விட்டாள். கட்டுரையே அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. காய்ச்சல் இருந்ததா என்று பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால், அந்த அம்மாள் இப்போது இல்லை. யார் சொல்வது சரி? எனக்குத் தெரியாது. என் அண்ணன் அவ்வா பக்கம், அண்ணி மகள் பக்கம்.

வரியை மாற்றிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம், அவ்வா சொன்னதையும் கீழே எழுது என்றேன். எழுதினாள். "மனமு என்றுதான் சொன்னேன் என்கிறாள் அவ்வா. என் காதில் இன்னும் மேமுதான் கேட்கிறது." எதிரணித் தலைவர் இதைக் குழப்பம் என்பார். அவர் வகுப்பில் திருத்தும் சிவப்புப் பேனாவுக்கு அது குழப்பம்தான். நினைவை எழுதுகிறவள் தன் நினைவு பிசகியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதைக் குற்றமாக எண்ண என்னால் முடியவில்லை.

அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். மணியில் கை வைத்துவிட்டீர்கள், பார்த்தேன்.

ஏழு வயதில் அண்ணன் வந்து அவளைத் திருப்பூருக்கு அழைத்துப் போகிறார். பெட்டி கட்டியாயிற்று. வாசலில் நின்று, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவள் அவ்வாவிடம் சொல்கிறாள்: "மேமு போயி ஒஸ்தாமு." அவ்வா அந்தச் சொல்லைத் திருத்தவில்லை. செருப்பை மட்டும் குனிந்து இடம் வலம் சரியாக மாட்டிவிட்டாள்.