மலையில் நமுக்காத கடலை: ஆபீஸ் டப்பாவுக்குப் புரதம்

[காட்சி: குன்னூர் பஸ் நிலையம், காலை மூட்டம். மடியில் பையுடன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள்.]

குன்னூரில் ஏறி, பர்லியாறு தாண்டி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வருபவர்கள் நிறைய பேர். காலை டிபனுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும். நடுவே பசித்தால் கைக்கு வருவது டீயும் வர்க்கியும்தான். வர்க்கி எனக்கும் பிடிக்கும், ஆனால் அதில் இருப்பது மாவும் கொழுப்பும்.

பையிலேயே வைத்துக்கொள்ள, ஃபிரிட்ஜ் தேவைப்படாத புரதம் என்றால் சுண்டல் ஞாபகம் வரும். சுண்டலில் ஈரம் அதிகம். ஊட்டிக் குளிரில் கொஞ்ச நேரம் தாங்குவது, கோவை வெயிலில் மதியத்துக்குள் வாடை கொடுக்கும். வறுத்த கடலைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஈரம் இல்லாத இடத்தில் கிருமி வளராது, அவ்வளவுதான் விஷயம். அதனால் இந்த வீடியோவில் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் மட்டும்.

[காட்சி: தராசில் இரண்டு கிண்ணங்கள்.]

ஒரு நாளைக்கு 40 கிராம் பொட்டுக்கடலை, 30 கிராம் வேர்க்கடலை. இரண்டும் சேர்ந்தால் சுமார் 16 கிராம் புரதம், 320 கலோரி. ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு டப்பாவிலேயே வந்துவிடும். வேர்க்கடலையில் எண்ணெய் அதிகம் என்பதால் அதன் அளவைக் குறைத்து வைத்திருக்கிறேன். இரண்டையும் சம அளவில் போட்டால் புரதம் பெரிதாகக் கூடாது, கலோரிதான் ஏறும்.

மலையில் இருப்பவர்களுக்கு வரும் பிரச்சினை கெட்டுப்போவது இல்லை, நமுத்துப்போவது. மழை மாதங்களில் உப்பு ஜாடியே தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும் ஊர் இது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே வறுத்த கடலையில் முன்கூட்டியே உப்புப் பொடி தூவி பாட்டிலில் அடைத்து வைக்காதீர்கள். காலையில் அன்றைய பங்கை எடுக்கும்போது உப்பு, மிளகாய்த்தூள் போட்டுக் குலுக்கினால் போதும்.

[காட்சி: இரும்பு வாணலியில் கல் உப்பு. நெருக்கமாக.]

பொட்டுக்கடலையைக் கடையில் வறுத்தே விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது பாக்கெட்டை அமுக்கிப் பாருங்கள். கீழே சமவெளியில் காற்றோடு சீல் வைத்த பாக்கெட் மேலே வந்ததும் உப்பி விறைத்து நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. தொய்ந்து கிடந்தால் எங்கேயோ காற்று கசிகிறது. அந்த வழியாக ஈரமும் உள்ளே போயிருக்கும்.

வேர்க்கடலையை நாமே வறுப்போம். வாணலியில் இரண்டு கப் கல் உப்பு போட்டு ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். உப்பு எல்லாப் பக்கமும் சூட்டைப் பரப்புவதால் ஒரு பக்கம் கருகி இன்னொரு பக்கம் பச்சையாக நிற்காது. 200 கிராம் பச்சை வேர்க்கடலையைப் போட்டு, மிதமான தீயில் கை எடுக்காமல் கிளறுங்கள். சடசடவென்று வெடிக்க ஆரம்பிக்கும். எட்டுப் பத்து நிமிடத்தில் ஒன்றை எடுத்துப் பிளந்து பாருங்கள். நடுவில் வெளிர் மஞ்சளும் ஓரத்தில் லேசான பழுப்பும் தெரிந்தால் அடுப்பை அணைத்து உடனே சல்லடையில் கொட்டிவிடுங்கள். சூடாக இருக்கும்போது கடித்தால் மெத்தென்றுதான் இருக்கும். இன்னும் வேகவில்லை என்று நினைத்து மறுபடி அடுப்பில் போட்டால் கசந்துவிடும். ஆறியபின்தான் மொறுமொறுப்பு தெரியும். உப்பை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கலாம்.

வறுத்து முடித்ததும் எடை போட்டால் 200 கிராம் சுமார் 190 ஆகியிருக்கும். போன 10 கிராமும் பெரும்பாலும் தண்ணீர். இந்த எண்ணை எழுதி வையுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

[காட்சி: தட்டில் பரப்பிய கடலை. பின்னணியில் ஜன்னல், வெளியே மூட்டம்.]

அப்புறம் ஆற வைப்பது. இங்கேதான் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறோம். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் படிந்து சொட்டும். நன்றாக ஆறட்டும் என்று ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் ஈரத்தை அது குடிக்கும். ஜன்னலைச் சாத்தி, அடுப்புக்குப் பக்கத்தில் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி வையுங்கள். கையில் அள்ளினால் சூடே தெரியக்கூடாது. அந்த நிலை வந்த உடனே பாட்டிலில் போடுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பாட்டில் என்றால் திருகுமூடி உள்ள கண்ணாடி பாட்டில். அமுக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒரு நாள் பயணத்துக்குச் சரி, ஒரு வாரச் சேமிப்புக்குச் சரிவராது. மூடி நம்பத்தக்கதா என்று பார்க்க, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு கவிழ்த்து வையுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அந்தப் பாட்டிலைப் பருப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். தேறிய பாட்டிலைத் துடைத்து, வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ காய வைத்துவிட்டு நிரப்புங்கள்.

[காட்சி: தராசில் பாட்டில்.]

கடலையோடு பாட்டிலை எடை போட்டு, மூடியில் ஒரு ஒட்டுத்தாளில் எழுதுங்கள். எடுத்துத் தின்னாமல் ஒரு வாரம் வைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 190 கிராம் கடலையில் 5, 6 கிராம் ஏறியிருந்தால் மொறுமொறுப்பு போகத் தொடங்கிவிட்டது, மூடி கசிகிறது என்று அர்த்தம். ஒரே பெரிய பாட்டிலைவிட இரண்டு சின்ன பாட்டில் நல்லது. ஒன்றைத் தினமும் திறக்கும்போது மற்றது மூடியே இருக்கும். ஈரக் கையை உள்ளே விடவே வேண்டாம்.

நமுத்தது என்றால் பயப்பட வேண்டாம். காலி வாணலியில் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டினால் திரும்ப வந்துவிடும். ஆனால் சிக்கு வாடை வந்தாலோ, நாக்கில் கசந்தாலோ, பச்சை, கறுப்புப் பூசணம் தெரிந்தாலோ வறுத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வேர்க்கடலைப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு சூட்டில் முழுதாக அழியாது. ஒன்றிரண்டு மணியைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைத் தின்பதும் வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பச்சைக் கடலை வாங்கும்போதே சுருங்கியது, நிறம் மங்கியது, தோல் கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கடலை மிட்டாய் கொண்டுபோகலாமே என்று கேட்பவர்களுக்கு: போகலாம், தனித்தனியாகச் சுற்றிய துண்டாக இருந்தால். வெல்லம் மழைக் காலத்தில் ஈரம் இழுத்து ஒட்டும். பாதி உடைத்த கட்டியைப் பையில் போட்டால் சாயங்காலம் காகிதத்தோடு சேர்த்துத் தின்ன வேண்டியதுதான்.

[காட்சி: சாயங்காலம், மேட்டுப்பாளையம் பஸ் நிலையம்.]

ஆபீஸ் டப்பாவில் மிஞ்சியது இருந்தால், மலை ஏறும் பஸ்ஸிலேயே முடித்துவிடுங்கள். உப்பு போட்டாயிற்று, கையும் பட்டாயிற்று. அதை வீட்டுப் பாட்டிலில் திருப்பிக் கொட்டினால் நல்ல கடலையும் அதோடு சேர்ந்து நமுக்கும்.